முகாமையாளருக்கு எழுதிய இரண்டாவது கடிதம்

அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தின் முகாமையாளருக்கு நான் எழுதிய முதல் கடிதம் நான்கு வரி. "மழைக்காலம் தொடங்குகிறது. தடிமன் காய்ச்சல் பரவுவதாகக் கேள்விப்படுகிறோம். அப்பாவின் விடயத்தில் தேவையான முன்னெச்சரிக்கைகளை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." மறுநாளே பதில் வந்தது: "தேவையான முன்னெச்சரிக்கைகள் அனைத்தும் எடுக்கப்படுகின்றன. கவலை வேண்டாம்." நானும் நிம்மதியாக அதை ஃபைலில் குத்தி வைத்தேன். பத்தொன்பதாம் நாள் அப்பா மூக்கில் ஒட்சிசன் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. நான் கேட்ட மாதிரிக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். எட்டு மாதம் கழித்து எழுதிய இரண்டாவது கடிதம் இரண்டரைப் பக்கம். அதற்கு வந்த பதில் வேறு. இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இல்லம் வெள்ளவத்தையில் இருக்கிறது. காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய இரண்டு மாடி வீடு. இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். நடத்துபவர் ஓய்வுபெற்ற தாதி, எல்லோருக்கும் 'மிஸ்'. அப்பா மேல்மாடியில் நான்கு கட்டில் போட்ட அறையில். வயது 81, நிறை 56 கிலோ. ரயில்வேயில் கணக்குப் பகுதியில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். கரையோர ரயில் பாதை அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதால்தான் அந்த இல்லத்துக்கே ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு கோச்சி போகும்போதும் மணிக்கூட்டைப் பார்த்து, "ஏழு நிமிஷம் லேட்" என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

போன வருடம் மே கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அப்படிச் சொல்லவில்லை. காலை இடியப்பத்தில் ஒன்றைப் பிய்த்துவிட்டு மிச்சத்தைத் தள்ளிவைத்தார். பகல் முழுக்கத் தூக்கம். புதன்கிழமை பாத்ரூமுக்குப் போகும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை. வியாழன் இரவு, 1987இல் இறந்துபோன தன் அண்ணனோடு பேசத் தொடங்கினார். வெள்ளி காலை மூச்சு இழுத்தது, விரலில் மாட்டிப் பார்த்தபோது ஒட்சிசன் 88. அப்போதுதான் எனக்குக் கோல் வந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்ததில் இன்ப்ளுவென்சா ஏ என்று வந்தது. அதற்குமேல் நிமோனியா. பதினொரு நாள். திரும்பி வந்தவருக்கு வோக்கர் இல்லாமல் நடக்க ஏலாமல் போய்விட்டது. அது இன்றுவரை திரும்பி வரவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஆத்திரத்தோடு இல்லத்தின் வெப்பநிலைக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காய்ச்சலே பார்க்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு நீல மையில் எழுதியிருந்தது. திங்கள் 97.1. செவ்வாய் 98.6. புதன் 99.2. வியாழன் 99.0. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நோர்மல்'.

அந்தக் கொப்பியைப் படம் எடுத்து வோட் டொக்டரிடம் காட்டினேன். இளம் பிள்ளை, இரவு டியூட்டி முடிந்த களைப்பு. முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டு விடயம் சொன்னார். ஒன்று, அப்பாவின் வழக்கமான சூடு 97 தான், மாதக் கணக்காக அப்படித்தான் இருக்கிறது. வயது போனவர்களுக்குக் காய்ச்சல் இளம் ஆட்களைப் போல 102, 103 என்று ஏறாது. 100 வந்தால் காய்ச்சல் என்பது சரி, ஆனால் அவரவர் வழக்கத்தைவிட இரண்டு பரனைட் கூடினாலும் காய்ச்சல்தான். 97.1 இருந்தவருக்கு 99.2 காய்ச்சல். இரண்டாவது, "ஐயா பனடோல் எடுக்கிறவரோ?" என்று கேட்டார். முழங்கால் நோவுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை, இரண்டிரண்டு. காலை வேளை எட்டு மணிக்கு. சூடு பார்ப்பது ஒன்பது மணிக்கு. அதாவது காய்ச்சலை இறக்கும் குளிசையைக் கொடுத்து ஒரு மணித்தியாலம் கழித்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். 99.2 என்பது பனடோல் இறக்கிய பிறகு மிஞ்சியது.

நான்கு நாள் கண்ணுக்கு முன்னால் எழுதியிருந்தும் யாருக்கும் தெரியவில்லை. அலட்சியம் என்று சொல்ல முடியாது. ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறார்கள், நேரம் மட்டும் பிழை. இன்ப்ளுவென்சாவுக்குக் கொடுக்கிற ஒசெல்டமிவிர் என்ற மருந்து, முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பிந்தினாலும் கொடுப்பார்கள், அப்பாவுக்கும் கொடுத்தார்கள். ஆனால் செவ்வாயோ புதனோ தொடங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

எழுதப் பிடிக்காத ஒன்றையும் எழுத வேண்டும். அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு நான் மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மகனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "சின்னத் தடிமன்தானே" என்று மனைவியிடம் சொன்னது நான்தான். அவன் தாத்தாவின் மடியில் இருந்து, அவருடைய கோப்பையிலேயே தேத்தண்ணி குடித்தான். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் ஒன்றிலிருந்து நான்கு நாளில் வேலையைக் காட்டும், பெரும்பாலும் இரண்டு நாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். கணக்கு எனக்கு எதிராகவே நிற்கிறது. அதே கிழமை கீழ்மாடியில் ஒரு அம்மாவும் இருமிக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆகவே நிச்சயம் நாங்கள்தான் என்றும் இல்லை. இருந்தாலும் இல்லத்தைக் குற்றம் சொல்லி எழுத நினைத்திருந்த கடிதத்தை அதோடு கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது கடிதத்துக்கு ஏன் பெப்ரவரி வரை காத்திருந்தேன் என்றால், தடுப்பூசிக் கணக்கு. இலங்கையில் இன்ப்ளுவென்சா வருடத்தில் இரண்டு தடவை தலை தூக்கும்: ஏப்ரல், மே தொடங்கி ஜூலை வரை ஒன்று, நவம்பர் தொடங்கி பெப்ரவரி வரை ஒன்று. அப்பாவுக்கு ஊசி போட்டது அதற்கு முந்தின வருடம் ஒக்டோபரில். ஊசி போட்டு இரண்டு கிழமையில் பாதுகாப்பு வரும், அதன் பிறகு மாதம் போகப் போகக் குறையும், அதுவும் வயதானவர்களில் கெதியாகக் குறையும். ஒக்டோபர் ஊசி மே கடைசிக்கு வரும்போது ஏழு மாதம் பழசு. "வருஷா வருஷம் போடுகிறோம்" என்று இல்லம் சொன்னது உண்மை. எந்த மாதம் போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டில் குளிர்காலத்துக்கு முன்பு ஒக்டோபரில் போடுகிறார்கள் என்றால் அது அவர்களின் குளிருக்கு. நம்முடைய மே மாதத்துக்குப் பார்த்தால் மார்ச்சில் போடுவதுதான் பொருத்தம் என்றார் எங்கள் குடும்ப டொக்டர். அதனால்தான் பெப்ரவரி.

கடிதம் எழுத உட்கார்ந்தபோது எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். "ஆம், செய்கிறோம்" என்று பதில் வரக்கூடிய கேள்வி ஒன்றும் இருக்கக்கூடாது. பதிலில் ஒரு திகதியோ, ஒரு எண்ணிக்கையோ, ஒரு ஆளின் பெயரோ வந்தாக வேண்டும். ஐந்து தடவை திருத்தி எழுதினேன். கடைசியில் போனது இது. தனிப்பட்ட ஓரிரு வரிகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

"மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

அப்பாவை நீங்களும் உங்கள் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளும் விதத்துக்கு முதலில் நன்றி. போன மே மாதம் நடந்ததைப் பற்றி முறையிட இதை எழுதவில்லை. அந்தக் கிழமை சளி பிடித்த பிள்ளையை உள்ளே கூட்டி வந்தது நான். வருகிற மே மாதத்துக்கு முன் சில விடயங்களை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்த வருடத் தடுப்பூசியை அப்பாவுக்கு எந்த மாதம் போட எண்ணியிருக்கிறீர்கள்? மார்ச் நடுப்பகுதிக்குள் போட முடியுமா? செலவை நான் தருகிறேன். ஊசி எங்கிருந்து வருகிறது, கொண்டுவரும் வழியில் 2 தொடக்கம் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்குமா, இல்லத்தில் போடுவீர்களா, கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டுமா? பெட்டியில் எந்த வருடத்துக்குரியது என்று அச்சிட்டிருப்பதை ஒரு படம் எடுத்து வைத்தால் உதவியாக இருக்கும்.

மேல்மாடியில் அப்பாவைத் தொட்டுத் தூக்குபவர்கள், சாப்பாடு தீத்துபவர்கள், இரவில் நிற்பவர்கள் மொத்தம் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு இந்த வருடம் ஊசி போடப்படும்? ஒருவருக்குக் காலையில் காய்ச்சலோ இருமலோ இருந்தால் அவர் யாரிடம் சொல்ல வேண்டும்? அன்றைய சம்பளம் அவருக்குக் கிடைக்குமா?

அப்பாவின் வழக்கமான உடற்சூடு 97. அவருக்கு 99 வந்தால் அதைக் காய்ச்சலாக எடுக்க முடியுமா? காலையில் பனடோல் கொடுப்பதற்கு முன் சூடு பார்க்க முடியுமா? அவருக்கு வருத்தம் வரும்போது முதலில் இருமல் வராது. சாப்பாட்டைத் தள்ளுவார், பகலில் தூங்குவார், கோச்சி நேரம் பற்றிப் பேசமாட்டார். இந்த மூன்றில் இரண்டு ஒரே நாளில் நடந்தால், எந்த நேரமானாலும் எனக்குக் கோல் எடுக்கச் சொல்ல முடியுமா?

இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் எந்த டொக்டரைக் கூப்பிடுவீர்கள்? இன்ப்ளுவென்சாவுக்கு மூக்குப் பரிசோதனை செய்ய யார் வருவார்கள்? அப்பாவின் கிரியேட்டினின் ரிப்போர்ட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவருக்கு ஒசெல்டமிவிர் தேவைப்பட்டால் அளவு குறைக்க வேண்டும் என்று எங்கள் டொக்டர் எழுதிய துண்டும் உண்டு. இவ்விரண்டையும் அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் வைக்கும்படி கேட்கிறேன்.

அந்த அறையில் இரண்டாவது ஒருவருக்கு இருமல் வந்தால் அப்பாவை எங்கே மாற்றுவீர்கள்? மாற்ற இடம் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?

எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டியதில்லை. உங்களுக்கு வசதியான ஒரு நாளில் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்."

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையான அந்தக் கிரியேட்டினின் பற்றி ஒரு வார்த்தை. அப்பாவின் ரிப்போர்ட்டில் 1.4 என்று இருந்தது. ஆய்வுகூடத் தாளில் 1.3 வரை சரி என்று போட்டிருந்ததால் "கொஞ்சம்தானே கூட" என்று நான் விட்டிருந்தேன். டொக்டர் ஒரு துண்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 140இலிருந்து வயதைக் கழித்து (59), நிறையால் பெருக்கி (3304), அதை 72 தடவை கிரியேட்டினினால் (100.8) பிரித்தால் 33 வரும். வயது போய், மெலிந்து போன ஒருவரின் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இது கிட்டத்தட்டச் சரியான ஒரு கணக்கு. 60க்கு மேலே இருந்தால் ஒசெல்டமிவிரின் வழக்கமான அளவு, 75 மில்லிகிராம் இரண்டு வேளை, ஐந்து நாள். 30க்கும் 60க்கும் இடையில் என்றால் 30 மில்லிகிராம் இரண்டு வேளை. நடு இரவில் அப்பாவை முன்பின் தெரியாத ஒரு டொக்டர் வந்தால், இந்த எண் கையில் இல்லாவிட்டால் முழு அளவைக் கொடுப்பார், இல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனை வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடுவார். அதனால்தான் 'முதல் பக்கத்தில்' என்று கேட்டேன். இது அப்பாவின் கணக்கு. மற்றவர்களின் அளவை அவரவர் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

நான்கு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் மிஸ் கோல் எடுத்தார். "தம்பி, உங்கட கடிதத்தை இரண்டு தரம் வாசிச்சனான். முதல் தரம் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, கதைப்பம்."

போனபோது மேசையில் என் கடிதம் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் சரி, பிழை, கேள்விக்குறி. ஒன்றரை மணித்தியாலம் பேசினோம். சூடு பார்க்கும் நேரத்தைக் காலை ஏழு மணிக்கு, பனடோலுக்கு முன் மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. "இது எனக்கே தெரிஞ்சிருக்க வேணும்" என்றார். கொப்பியில் ஒவ்வொருவரின் பெயருக்குப் பக்கத்திலும் அவரவர் வழக்கமான சூட்டைச் சிவப்பில் எழுதினார்கள். அப்பாவுக்கு மட்டும் இல்லை, இருபத்திரண்டு பேருக்கும். இரண்டு கிழமை தொடர்ந்து பார்த்து எடுத்த கணக்கு. பத்துச் சதம் செலவில்லை. அந்தக் கடிதத்தால் நடந்த நல்லதில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

ஊசி விடயமும் சரி. மார்ச் இரண்டாம் கிழமை ஒரு தாதியை வரவழைத்து எல்லோருக்கும் ஒரே நாளில் போட்டார்கள். இங்கே இது விலை கொடுத்து வாங்குகிற ஊசி என்பதால் பிள்ளைகளிடம் காசு சேர்க்க ஒரு மாதம் முன்னரே சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு குடும்பம் வேண்டாம் என்றது.

சிக்கல் பட்டது பணியாட்களின் கேள்வியில். மேல்மாடிக்கு வருபவர்கள் ஏழு பேர். அதில் நான்கு பேர் மாதச் சம்பளம். மூன்று பேர் ஏஜென்சி மூலம் நாள் கணக்கில் வருபவர்கள். காய்ச்சல் என்று நின்றால் அன்றைய காசு இல்லை. அதில் ஒருவர் பகலில் தெஹிவளைப் பக்கம் இன்னொரு இல்லத்திலும் வேலை செய்கிறார். "அவை இரண்டு பனடோலைப் போட்டிட்டு வருவினம் தம்பி. நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?" என்று மிஸ் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய் வருபவர்கள் திரும்பி வரும் கிழமைதான் ஒவ்வொரு வருடமும் இருமல் தொடங்குகிறது என்பதையும் அவர்தான் சொன்னார். பஸ்ஸில் நெருக்கியடித்து வருவது, ஊரில் கூடியிருந்தது, பிறகு ஆள் குறைவு என்று இரட்டை ஷிஃப்ட்.

முடிவில் ஒரு வழி வந்தது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கு மட்டும், காய்ச்சல் அல்லது இருமல் என்று உண்மையைச் சொல்லி நிற்பவருக்கு மூன்று நாள் சம்பளத்தை இல்லம் கொடுக்கும். அதற்காக மாதக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைக் கூட்டிக் கொடுக்கப் பதினாறு குடும்பம் சம்மதித்தது. இந்த நோய் அறிகுறி தொடங்க ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, ஐந்திலிருந்து ஏழு நாள் வரை தொற்றும். மூன்று நாள் போதாது என்று எனக்கும் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும். நான்காம் நாள் வருபவர் சமையலறைப் பக்கம் போகாமல், முழு நேரமும் மாஸ்க்கோடு துணி துவைக்கிற வேலை பார்ப்பது என்று ஒப்புக்கொண்டோம்.

சிலதற்கு அவர் மறுத்துவிட்டார். அப்பாவுக்குத் தனி அறை இல்லை. கட்டில்களைத் தள்ளிப் போடலாம் என்றேன். நாடா எடுத்து அளந்து காட்டினார்: கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில் இரண்டரை அடி, அதற்குமேல் போனால் வோக்கர் திரும்பாது. தலைமாட்டை ஒருவருக்கு வடக்கும் அடுத்தவருக்குத் தெற்குமாக மாற்றிப் போட்டால் முகத்துக்கு முகம் ஆறடி வரும் என்று அவரே சொன்னார். அப்பா வடக்கே தலை வைத்துப் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்ததால் அவருக்குத் தெற்கு.

ஜன்னல் கதை இன்னொன்று. காற்றோட்டம் வேண்டும் என்று நான் எழுதாமல் வாயால் கேட்டேன். நுளம்பு வரும் என்று ஆறு மணிக்கே அடைக்கிறார்கள். கொழும்பில் டெங்கு பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இரண்டு ஜன்னலுக்கு வலை அடித்தோம், இப்போது இரவிலும் திறந்திருக்கிறது. டெங்கு இருக்கிற ஊர் என்பதால் இன்னொன்றும்: எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பனடோலைத் தவிர வேறு நோவுக் குளிசை ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று ஃபைலில் எழுதினோம். இன்ப்ளுவென்சா பரிசோதனை இல்லை என்று வந்து காய்ச்சல் விடாவிட்டால் இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். மூக்கில் எடுக்கிற அந்த விரைவுப் பரிசோதனை 'இல்லை' என்று சொன்னாலும் முழுவதும் நம்பிவிட முடியாது, பல நேரம் தவறவிடும்.

நான் கடிதத்தில் எழுதாமல் விட்டதொன்றை இரவு நிற்கிற அட்டெண்டன்ட் ஞாபகப்படுத்தினார். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண். அப்பாவுக்குச் சிங்களம் வேலையில் கற்றது, வயதோடு அது கழன்றுகொண்டு போகிறது. வருத்தம் வந்தால் முற்றாகப் போய்விடும். அந்த வியாழன் இரவு அவர் என்னவோ சொன்னார், தனக்கு விளங்கவில்லை என்று அந்தப் பெண் கண் கலங்கினார். அன்றிரவே ஒரு மட்டையில் ஆறு வசனம் எழுதினேன். தமிழ் எழுத்தில் ஒரு வரி, சிங்கள எழுத்தில் ஒரு வரி. 'மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கு', அதற்கு நேரே 'ஹுஸ்ம கன்ன அமாருயி'. நெஞ்சு நோகுது, குளிருது, தண்ணி வேணும், தலை சுத்துது, மகனைக் கூப்பிடுங்கோ. விரலால் தொட்டுக் காட்டினால் போதும். கட்டில் கம்பியில் கட்டியிருக்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் எழுத்துப் பிழை ஒன்று இருக்கிறது என்று சொன்னார். இருந்தது.

இந்த வருடம் ஜூனில் பரீட்சை வந்தது. ஒரு திங்கட்கிழமை கீழ்மாடியில் ஒருவருக்குக் காய்ச்சல், புதன்கிழமை அப்பாவின் அறையில் எதிர்க் கட்டில்காரருக்கு. மூன்று நாளுக்குள் இரண்டு பேர் என்றால் அதைத் தற்செயல் என்று விடக்கூடாது என்று மிஸ்ஸிடம் ஒரு கணக்கு உண்டு. இருவருக்கும் பரிசோதித்தார்கள். ஒருவருக்கு இன்ப்ளுவென்சா ஏ. டொக்டர் வந்து, வருத்தம் வந்தவர்களுக்குச் சிகிச்சை அளவும், வராதவர்களுக்குத் தடுப்பு அளவும் எழுதினார். தடுப்புக்கு அதே மருந்து ஒரு நாளைக்கு ஒரு வேளை, குறைந்தது இரண்டு கிழமை, கடைசியாக ஒருவருக்கு வருத்தம் தொடங்கி ஏழு நாள் கழியும்வரை. அப்பாவுக்கு 30 மில்லிகிராம். ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்தே எழுதினாராம். அந்த 30 மில்லிகிராம் கப்ஸ்யூல் முதல் இரண்டு பார்மசியில் இல்லை. மூன்றாவதில் கிடைத்தது, பம்பலப்பிட்டியில். இனி மே மாதத்துக்கு முன்பே எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைக்க வேண்டும். கடிதத்தில் நான் கேட்காமல் விட்ட இன்னொன்று.

நெபுலைசர் பற்றியும் கேட்கவில்லை. மேல்மாடிக்கு ஒரு மெஷின், எல்லோருக்கும் ஒரே மாஸ்க், கழுவிக் கழுவிக் கொடுக்கிறார்கள் என்று இந்த ஜூனில்தான் கண்டேன். எதிர்க் கட்டில்காரருக்குப் பிடித்ததை அடுத்து அப்பாவுக்குப் பிடிக்க எடுத்தார்கள். மெஷின் ஒன்றாக இருக்கலாம், மாஸ்க்கும் குழாயும் ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். விலையும் பெரிதில்லை. அப்பாவின் பெயர் எழுதி ஒரு பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மொத்தம் ஐந்து பேருக்கு வந்தது. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறு நாளில் திரும்பினார். அவர் ஊசி வேண்டாம் என்ற வீட்டைச் சேர்ந்தவர் இல்லை. ஊசி போட்டவர்தான், 90 வயது. வேண்டாம் என்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஒரு இல்லத்து ஐந்து பேரை வைத்து யாரும் கணக்குப் போட்டுவிடக்கூடாது. ஊசி போட்டாலும் இன்ப்ளுவென்சா வரலாம், மோசமாகப் போகிற வாய்ப்பு குறையும், அவ்வளவுதான் டொக்டர் சொன்னது. அப்பாவுக்கு இரண்டு நாள் வயிற்றைப் பிரட்டியது, அந்த மருந்துக்கு அது வழக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கத் தொடங்கியதும் நின்றது. சூடு 97.4க்கு மேல் போகவில்லை.

பார்வையாளர்களை நிறுத்திவிட்டார்கள். பதினேழு நாள். திறந்த முதல் ஞாயிறு நான் ஓடிப் போனேன். கேற்றடியில் ஒரு கதிரை, சவர்க்காரம், தண்ணீர்க் குழாய், ஒரு கொப்பி. குருநாகல் பெண்தான் நின்றார். தொண்டை நோகிறதா, இருமல் உண்டா, வீட்டில் யாருக்கும் காய்ச்சலா? காலையிலிருந்து தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. பதினேழு நாளுக்குப் பிறகு ஒரு கரகரப்பு என்று மனம் சொன்னது. மூன்று விநாடி யோசித்துவிட்டு, உண்டு என்று சொன்னேன். கொப்பியில் என் பெயருக்கு எதிரே கோடு கீறிவிட்டு, கொண்டுபோன பழப் பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒழுங்கையில் நின்று போன் எடுத்தேன். மேல்மாடி பல்கனிக்கு அப்பாவை வோக்கரோடு கொண்டுவந்தார்கள்.

"என்னடா, கடிதம் எழுதினவனையே உள்ளுக்கு விடேல்லையோ?"

"விடேல்லை அப்பா."

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. கடல் பக்கம் திரும்பி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு நிமிஷம் லேட்," என்றார்.